எந்த 750 வரிசைகளை வெட்டுவது?

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் நடத்திய போராட்டத்தில், மகனின் ஒளிப்படத்தை நெஞ்சோடு ஏந்தியிருந்த தாய் ஒருவரைப் படம் எடுத்தேன். அது 4:3 வடிவம்: அகலம் 4000 பிக்சல், உயரம் 3000. செய்தியின் முகப்புப் படமோ 16:9 ஆக இருக்க வேண்டும்.

அகலத்தை அப்படியே வைத்து, 9ஆல் பெருக்கி 16ஆல் வகுத்தால் புதிய உயரம் 2250. அதாவது 750 வரிசைகள், படத்தின் காற்பங்கு, போக வேண்டும். மென்பொருள் தானாக மேலும் கீழும் 375 வீதம் வெட்டியது. தாயின் நெற்றி போய்விட்டது.

ஆகவே மேல் விளிம்பிலிருந்து அளந்தேன். தாயின் தலை 180இல் தொடங்குகிறது. மகனின் படம் 2350இல் முடிகிறது. தலை தப்ப வேண்டுமானால் வெட்டு 180க்குள் தொடங்க வேண்டும். மகனின் படம் தப்ப, 2350இல் 2250ஐக் கழித்து வரும் 100க்குக் குறையாமல் தொடங்க வேண்டும். நடுவே 140ஐ எடுத்தேன். இமேஜ்மேஜிக்கில்:

```
magick amma.jpg -crop 4000x2250+0+140 +repage amma169.jpg
```

பெட்டி 140இல் தொடங்கி 2390இல் முடிகிறது. இருவரும் முழுதாக இருக்கிறார்கள்.

தலைக்கும் அந்தப் படத்தின் அடிக்கும் இடையே 2250ஐ விடக் கூடுதலாக இருந்திருந்தால் எந்தப் பெட்டியும் பொருந்தியிராது. அப்போது வெட்டாமல், இருபுறமும் வெற்றுப் பட்டை விட்டிருப்பேன்.