நாற்பது பேருக்குப் போன மெயிலில் மூன்று பேருக்கான வேலை

2016 நவம்பரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் ஒரு சோதனை மெயில் தவறுதலாகச் சுமார் 8,40,000 கணக்குகளுக்குப் போனது. ‘என்னை இதிலிருந்து எடுத்துவிடுங்கள்’ என்று பலர் எல்லோருக்கும் பதில் போட்டதில், மெயில் சேவையே திணறியது.

நம் அலுவலகங்களில் நடப்பது இதன் சின்ன வடிவம். வெள்ளிக்கிழமைப் பயிற்சி சனிக்கிழமைக்கு மாறியதாக ஒருங்கிணைப்பாளர் நாற்பது பேருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஓகே’, ‘நன்றி மேடம்’, ‘சனிக்கிழமையுமா, சாமி!’, ‘பிரியாணி உண்டுன்னா நான் ரெடி’ என்று பதில்கள் குவிகின்றன. நடுவே இரண்டு வரிகள்: கணக்குப் பிரிவிலிருந்து ‘அன்னைக்கு ஆடிட் இருக்கே’, வேறொருவர் ‘மாடி ஹால்ல புரொஜெக்டர் எரியல’.

கணக்குப் பிரிவின் பொறுப்பாளர் இப்போது பதில் எழுத வேண்டும். அவர் ஒவ்வொரு பதிலிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதனால் யாராவது ஏதாவது செய்தாக வேண்டுமா? பிரியாணி அங்கேயே உதிர்ந்துவிடும். ஆடிட்டும் புரொஜெக்டரும் நிற்கும். கடைசிப் பதில் வரை படித்துவிடுவது அவசியம். புரொஜெக்டரை ஏற்கெனவே யாராவது சரிசெய்திருக்கலாம்.

முடிவெடுக்க வேண்டிய ஒருங்கிணைப்பாளரும், ஹாலைக் கவனிக்கும் ஊழியரும் To வரியில். ஆடிட் பற்றிச் சொன்னவருக்குத் தகவல் போதும், அவர் Cc-யில். பதில் இவ்வளவுதான்:

“மேடம், சனிக்கிழமை எங்கள் பிரிவில் ஆடிட் இருப்பதால் நால்வரும் வர இயலாது. அடுத்த வாரம் தனியாக ஒரு வகுப்பு வைக்க முடியுமா? புதன் மாலைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும். சார், மாடி ஹால் புரொஜெக்டர் எரியவில்லையாம், வெள்ளிக்குள் பார்த்துவிடுங்கள்.”

இதைப் பிரியாணிக்காரரின் மெயிலுக்குப் பதிலாகப் போடக் கூடாது. ஒருங்கிணைப்பாளரின் முதல் மெயிலைத் திறந்து Reply கொடுத்து, மற்ற இருவரைச் சேர்ப்பதே நல்லது. கேலிப் பேச்சு வாலாகத் தொங்கிக்கொண்டு வராது. குழு முகவரியிலிருந்து வந்த மெயில் என்றால் வெறும் Reply கூட மொத்தக் குழுவுக்கும் போகக்கூடும். To வரியை ஒருமுறை பாருங்கள்.

தேதி மறுபடி மாறினால் நாற்பது பேருக்கும் தெரிய வேண்டும்தான். அதை ஒருங்கிணைப்பாளர் புதிய மெயிலாக, முகவரிகளை Bcc-யில் போட்டு அனுப்பட்டும். யார் Reply all அழுத்தினாலும் Bcc-யில் இருக்கும் மற்றவர்களுக்குப் போகாது. ஆனால் மேலதிகாரியை ரகசியமாக Bcc-யில் வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அவரே மறந்து Reply all அழுத்தினால் ரகசியம் அம்பலம்.

விரல் தவறிவிட்டால்? ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற வழக்கமாக ஐந்து விநாடிதான் கிடைக்கும். செட்டிங்ஸில் Undo Send பகுதிக்குப் போய் அதை முப்பது விநாடியாக இன்றே மாற்றி வையுங்கள்.