வாட்ச் காட்டும் துடிப்பு உங்களுடையதுதானா?

எங்கள் தெருவில் 48 வயது நண்பர் ஒருவர் காலையில் மெதுவோட்டம் ஓடுகிறார். ஓடத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே அவருடைய ஸ்மார்ட் வாட்ச் நாடித்துடிப்பு 166 என்று காட்டும். அந்த வயதுக்கு அது கிட்டத்தட்ட உச்சம். ஆனால் மனிதர் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடுவார். பயந்துபோய் இதய மருத்துவரைப் பார்க்கக் கிளம்பியவரிடம், முதலில் பட்டையை இறுக்கிக் கட்டிப் பாருங்கள் என்றேன்.

பச்சை விளக்கு செய்யும் வேலை

வாட்சைத் திருப்பினால் அடியில் பச்சை விளக்குகள் மினுக்குவது தெரியும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் சற்றுக் கூடும்; திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். இந்த ஏற்ற இறக்கம் நிமிடத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டுத்தான் வாட்ச் துடிப்பைச் சொல்கிறது. திரும்பி வரும் ஒளியில் மிகப் பெரும்பகுதி மாறாமலே இருக்கும். துடிப்பினால் மாறுவது மிகச் சிறிய பங்கு மட்டுமே. அந்தச் சிறு பங்கைக் கெடுப்பதாகச் சந்தேகிக்கப்படுபவை மூன்று: தொளதொளத்த பட்டை, டாட்டூ, தோலின் கருமை. மூன்றும் மூன்று விதம். மருந்தும் காரணத்துக்குத் தக்கபடிதான்.

தொளதொளப்பு: காலடியை எண்ணும் வாட்ச்

மூன்றிலும் அதிகம் ஏமாற்றுவது தொளதொளவென்று கட்டிய பட்டைதான். கை வீசும்போது வாட்ச் தோலை விட்டு எழுந்து எழுந்து அமர்கிறது. இடைவெளியில் வெயில் புகுகிறது. அழுத்தம் மாறும்போது அடியிலுள்ள இரத்தமும் ஒதுங்குகிறது. இதெல்லாம் காலடியின் தாளத்தில் நடப்பதால், வாட்சுக்கு அதுவும் ஒரு துடிப்பாகத் தெரிகிறது. இதயத்தின் சிறு அலையைவிட இந்த அலை பெரியது. வாட்ச் இதையே பிடித்துக்கொள்கிறது.

நண்பரை ஓடவிட்டு அவருடைய காலடிகளை எண்ணினேன். 15 விநாடியில் 41. நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு 164. வாட்ச் காட்டியதும் கிட்டத்தட்ட அதேதான். நிற்கச் சொல்லி உடனே கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து எண்ணியபோது 15 விநாடியில் 33, அதாவது 132. ஓடிய உடம்புக்கு இது இயல்பான எண். நின்றதும் உடனே எண்ண வேண்டும். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். வீட்டிலேயே பிடித்துவிடக் கூடிய இன்னோர் அடையாளமும் உண்டு. ஓட்டம் நின்றபின் உண்மைத் துடிப்பு படிப்படியாக இறங்கும். காலடியைப் பிடித்த வாட்சிலோ நின்ற சில நொடிகளில் எண் தடாலென்று விழும்.

சரிசெய்வது எளிது. மணிக்கட்டில் துருத்தும் எலும்பின் மேல் வாட்ச் உட்காரக் கூடாது. சாதாரண நேரத்தில் எலும்பிலிருந்து முழங்கை நோக்கி ஒரு விரல் அகலம், ஓடும்போது இரண்டு விரல் அகலம் ஏற்றிக் கட்டுங்கள். வாட்சைப் பிடித்து லேசாக நகர்த்தினால் தோலும் கூடவே நகர வேண்டும். அதுதான் சரியான இறுக்கம். இருட்டறையில் கையை வீசும்போது ஓரத்தில் பச்சை வெளிச்சம் கசிந்தால் இன்னும் ஒரு துளை இறுக்கலாம். விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கினால் இரத்த ஓட்டமே குறைந்து அளவு கெட்டுவிடும். ஓடி முடித்ததும் தளர்த்திவிட்டு, வியர்வையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வாட்சின் அடியிலிருந்து துடைத்துவிடுங்கள்.

நண்பர் பட்டையை ஏற்றி இறுக்கிய பிறகு வாட்ச் காட்டுவதும் கையால் எண்ணுவதும் இரண்டு மூன்று எண் வித்தியாசத்துக்குள் வந்துவிட்டன.

டாட்டூ: ஒளியே உள்ளே போகாதபோது

2015இல் ஆப்பிள் வாட்ச் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, மணிக்கட்டில் டாட்டூ போட்டவர்கள் துடிப்பு பதிவாகவில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். டாட்டூவின் மை, வடிவம், அடர்த்தி ஆகியவை ஒளியைத் தடுக்கக் கூடும் என்று நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியது. மை தோலின் உள்ளடுக்கில் நிரந்தரமாகத் தங்குவது. அடர்ந்த கறுப்பு மை, ஒளி இரத்தத்தை எட்டுமுன் அதை விழுங்கிவிடும். அப்போது வாட்ச் தவறான எண் சொல்வதைவிட, எண்ணே சொல்லாமல் கோடு போட்டு நிற்பதுதான் அதிகம். கையில் கட்டியிருக்கும்போதே பூட்டிக்கொண்டு ரகசிய எண் கேட்பதும் இதனால்தான். தான் கழற்றப்பட்டதாக அது நினைத்துக்கொள்கிறது.

எவ்வளவு இறுக்கினாலும் இதற்குப் பயனில்லை. இடத்தைத்தான் மாற்ற வேண்டும். மை இல்லாத மறுகையில் கட்டலாம். இரு கையிலும் இருந்தால் மணிக்கட்டின் உட்புறம் வெறுந்தோலாக இருக்கிறதா பாருங்கள். நம் பாட்டிமார் முன்கையில் குத்திக்கொண்ட மெல்லிய கோட்டுப் பச்சையில் இடைவெளி நிறைய உண்டு. வாட்சை ஒரு விரல் நகர்த்தினாலே இடம் கிடைத்துவிடும். கை முழுக்க நிரப்பியவர்களுக்கு மேற்கையில் கட்டும் ஒளிப் பட்டை உண்டு. நெஞ்சில் கட்டும் செஸ்ட் ஸ்ட்ராப் இதயத்தின் மின்துடிப்பைப் படிப்பதால் ஒளியே அதற்குத் தேவையில்லை. உடல் தொடும் பகுதியைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும். உலர்ந்திருந்தால் முதல் சில நிமிடம் தாறுமாறாகக் காட்டும்.

கருமை: துடிப்பில் ஒன்று, ஆக்சிஜனில் வேறு

தோலுக்குக் கருமை தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சுகிறது. ஆனால் துடிப்பைக் கணக்கிட வாட்சுக்குத் தேவை அலையின் தாளம்தான். ஒளி மங்கினால் அலை சிறுக்குமே தவிர அதன் தாளம் மாறாது. மங்கும்போது விளக்கின் பிரகாசத்தைக் கூட்டிக்கொள்ளவும் பல வாட்சுகளுக்குத் தெரியும். 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் பல நிறத் தோலினரிடம் வாட்சுகளைச் சோதித்தபோது, துடிப்புக் கணக்கில் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, உடல் அசையும்போதுதான் பிழை கூடியது என்று கண்டது. கறுத்த தோல் உள்ளவருக்கு ஓட்டத்தில் எண் தவறினால் முதலில் பட்டையையே சந்தேகியுங்கள்.

இரத்த ஆக்சிஜன் அளவு இப்படியல்ல. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய இரண்டு ஒளிகளை அனுப்பி, இரண்டும் எந்த விகிதத்தில் குறைகின்றன என்று பார்த்து எண்ணைச் சொல்கிறது. மெலனின் இரண்டையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. அதனால் விகிதமே சாய்கிறது. பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி இரத்தத்தை நேரடியாகச் சோதித்தார்கள். உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். கொரோனாக் காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் கருவியை மறுபடி எடுக்கும் நம் வீடுகளுக்கு இது முக்கியமான செய்தி. வாட்சில் வரும் ஆக்சிஜன் எண்ணை இன்னும் ஒரு படி குறைவாகவே நம்பலாம்.

நலமாக இருக்கும்போதே உங்கள் வழக்கமான எண்ணை அளந்து குறித்து வையுங்கள். நகப்பூச்சை அழித்து, அடர்ந்த மருதாணி இல்லாத விரலைத் தேர்ந்து, கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, கையை மடியில் அசையாமல் வைத்து, எண் நிலைக்கும் வரை காத்திருங்கள். வழக்கமாக 98 காட்டுபவருக்கு 94 என்றால், அந்த 94ஐவிட நான்கு புள்ளி இறங்கியதுதான் செய்தி. மூச்சுத் திணறல், உதடு நீலம்பாய்தல், குழப்பமான பேச்சு இருந்தால் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கருவி நல்ல எண் காட்டியும் திணறல் குறையவில்லை என்றால், மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்து ஆக்சிஜனை நேரடியாக அளக்கும் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தோலின் நிறம் அந்தப் பரிசோதனையின் முடிவைத் தொடுவதில்லை.