டிக்கெட்டில் ஒரு பெயர், ஓட்டுவது இன்னொருவர்

2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குப் பறந்த விமானம் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட் கான்டினென்டல் பெயரில் விற்கப்பட்டது. விமானத்தில் பூசியிருந்ததும் கான்டினென்டல் நிறம்தான். ஆனால் விமானிகளுக்குச் சம்பளமும் பயிற்சியும் கொடுத்தது கோல்கன் ஏர் என்ற சிறிய நிறுவனம். இந்த விபத்துக்குப் பிறகு, 2010இல் அமெரிக்கா சட்டத்தை இறுக்கியது. விமானத்தை உண்மையில் ஓட்டுவது யார் என்பதை, இணையத்தில் தேடும்போது வரும் முதல் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும்.

பார்க்க வேண்டிய இடமும் அதுதான். விமான எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் "Operated by" என்று ஒரு வரி இருக்கும். "Operated by SkyWest Airlines DBA United Express" என்றிருந்தால், விற்பது யுனைடெட், ஓட்டுவது ஸ்கைவெஸ்ட். எண்ணின் முன்னால் உள்ள UA, LH போன்ற எழுத்துகள் விற்றவரை மட்டுமே காட்டும். எண் நான்கு இலக்கமாக இருந்தால் சந்தேகப்படலாம், அதுவே முடிவான சான்றாகாது. அமெரிக்க நிறுவனம் ஓட்டும் விமானமென்றால் இன்னொரு வழியும் உண்டு. ஓட்டும் நிறுவனத்தின் பெயர் தரையில் நிற்பவர் படிக்கும்படி விமானத்தின் வெளிப்புறத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் கதவருகே சின்னதாக இருக்கும்.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில்தான் இந்த வித்தியாசம் நம்மைக் கடிக்கும். ஐரோப்பிய விதிப்படி தாமதத்துக்கான இழப்பீட்டைத் தர வேண்டியவர் விமானத்தை ஓட்டியவர், விற்றவர் அல்ல. இந்தியாவிலிருந்து ஃபிராங்ஃபர்ட் போகிறீர்கள், நிறுவனத்தின் தவறால் ஐந்து மணி நேரம் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட்டில் அமெரிக்க யுனைடெட்டின் எண் இருந்தாலும் ஓட்டியது லுஃப்தான்சா என்றால் 600 யூரோ கேட்கலாம், அது ஐரோப்பிய நிறுவனம் என்பதால். அதே டிக்கெட்டில் லுஃப்தான்சா எண் இருந்து, ஓட்டியது ஏர் இந்தியா என்றால் அந்த விதி பொருந்தாது, ஏனென்றால் பயணம் ஐரோப்பாவுக்கு வெளியே தொடங்குகிறது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் பயணத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, யார் ஓட்டினாலும் விதி உண்டு.

முன்பதிவுக்குப் பிறகும் ஓட்டுபவர் மாறலாம். விமானத்தையும் பணியாளர்களையும் சேர்த்து வேறு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுப்பது வழக்கம்தான். ஆகவே கிளம்பும் முன் ஒருமுறை "Operated by" வரியை மறுபடி பாருங்கள், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டுக் கோரிக்கையைப் பொதுவாக அந்த வரியில் உள்ள நிறுவனத்துக்கு அனுப்புங்கள், ஆனால் பணியாளர்களோடு வாடகைக்கு எடுத்த விமானமென்றால் வாடகைக்கு எடுத்த நிறுவனத்துக்கே அனுப்புங்கள்.