முத்துப்பிள்ளை கர்ப்பம்: சுத்தம் செய்த பிறகே தொடங்கும் கணக்கு

மாதவிலக்கு தள்ளிப்போகிறது, சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடுகள் விழுகின்றன, வாந்தி மட்டும் வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்கிறது. பிறகு லேசான ரத்தக்கசிவு. ஸ்கேன் எடுத்தால் குழந்தை இல்லை. முத்துப்பிள்ளை கர்ப்பம் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது. கருப்பையைச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பியதும், வேண்டாத ஒன்று போய்விட்டது என்று குடும்பம் ஆறுதல் கொள்கிறது. இந்த ஆறுதலில்தான் ஆபத்து இருக்கிறது. சுத்தம் செய்வது சிகிச்சையில் பாதிதான். அதன்பின் வாராவாரம் எடுக்கும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை மற்றப் பாதி. நோய் உள்ளே தங்கிவிட்டதா என்பதை அதைப்போல் முன்கூட்டிச் சொல்லக்கூடிய வேறு வழி இன்று இல்லை.

காரணம் கருத்தரிக்கும் கணத்திலேயே இருக்கிறது. முழுமையான முத்துப்பிள்ளையில், தாயின் மரபணு இல்லாத வெற்று முட்டைக்குள் விந்தணு ஒன்று நுழைந்து தன்னையே இரட்டித்துக்கொள்கிறது. சில சமயம் இரண்டு விந்தணுக்கள் நுழைகின்றன. ஆக, அங்கே இருப்பது முழுக்கத் தந்தையின் குரோமோசோம்கள். அப்படிப்பட்ட கருவில் குழந்தை உருவாவதில்லை. நஞ்சுக்கொடித் திசு மட்டும் கட்டுப்பாடின்றி வளர்ந்து, நீர் கோத்த குமிழ்களாகத் திராட்சைக் கொத்துப் போல் நிறைகிறது. பகுதி முத்துப்பிள்ளையில் தாயின் முட்டை சரியாகவே இருக்கும். இரண்டு விந்தணுக்கள் சேர்ந்துவிடுவதால் மும்மடங்குக் குரோமோசோம் உண்டாகிறது, கருவின் தடயமும் தெரியலாம். நஞ்சுக்கொடித் திசுவுக்குத் தாயின் கருப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே போகும் இயல்பு எப்போதுமே உண்டு. கட்டுப்பாடு இழந்த திசுவுக்கும் அதே இயல்பு இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

ஸ்கேனில் ‘பனிப்புயல்’ போலத் தெரியும் என்று பாடநூல்கள் சொல்லும். அது பழைய கருவிகளில், நான்காம் மாதத்தில் வந்த பெண்களிடம் பார்த்த படம். இன்று எட்டு, ஒன்பது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துவிடுகிறார்கள். அப்போது குமிழ்கள் மிகச் சிறியவை; நஞ்சுக்கொடி சற்றுத் தடித்து, அங்கங்கே சிறு நீர்ப்பொட்டுகள் தெரிந்தால் அதுவே அதிகம். முழுமையான வகையைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பகுதி வகையில் பாதிக்கு மேல் சாதாரணக் கருச்சிதைவு போலவே தோன்றித் தப்பிவிடும். அதனால் கருச்சிதைவு என்று சுத்தம் செய்தாலும், எடுத்த திசுவை ஃபார்மலின் நிரப்பிய டப்பாவில் போட்டு நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்புவது அவசியம். அங்கே பி57 என்ற சாயப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அந்தப் புரதத்தைத் தாயிடமிருந்து வந்த மரபணுப் பிரதிதான் தருகிறது. நஞ்சுக்கொடி விரல்களின் உயிரணுக்களில் அந்தச் சாயம் ஏறாவிட்டால், தாயின் பங்கு இல்லை, முழுமையான முத்துப்பிள்ளை என்று உறுதிப்படும். டப்பாவை அனுப்பாமல் விட்டால் நோய்க்குப் பெயரே கிடைக்காது. பெயர் இல்லாத நோய்க்குத் தொடர் பரிசோதனையை யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

சுத்தம் செய்வது உறிஞ்சுகுழாய் முறையில்தான். மாத்திரை கொடுத்து வெளியேற்றுவதும், கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்தை முன்கூட்டியே ஏற்றுவதும் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. சுருக்கத்தில் திசுத் துணுக்குகள் ரத்தக்குழாய் வழியே நுரையீரலுக்குத் தள்ளப்படலாம் என்ற அச்சம்தான் காரணம். கருப்பை மென்மையாக இருப்பதால் துளைபட வாய்ப்பு உண்டு, ரத்தப்போக்கும் அதிகமாகலாம். எனவே ரத்தம் ஏற்பாடு செய்துவைத்துக்கொண்டு, அனுபவசாலி ஒருவர் செய்ய வேண்டிய வேலை இது. நன்றாகச் செய்தாலும் முழுமையான வகையில் சுமார் 15 முதல் 20 சதவீதப் பெண்களுக்கு நோய் தங்கிவிடுகிறது. பகுதி வகையில் 5 சதவீதத்துக்குள். தங்கியது மருத்துவரின் கைக்குறை அன்று. உறிஞ்சுகுழாய் கருப்பையின் உட்புறத்தைத்தான் எட்டும். தசைக்குள் போய்விட்ட உயிரணுக்களை எட்டாது.

ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்ப்போம். இருபத்து நான்கு வயதுப் பெண், ஒன்பது வாரம், எச்.சி.ஜி. அளவு 1,85,000. சுத்தம் செய்த முதல் வாரத்தில் 14,000, அடுத்து 4,800, அதற்கடுத்து 1,900. வேகமாக இறங்குகிறது, எல்லோருக்கும் நிம்மதி. நான்காம் வாரம் 1,240, ஐந்தாம் வாரம் 1,210, பிறகு 1,270, ஏழாம் வாரம் 1,230. அவருக்கு ரத்தக்கசிவு இல்லை, வலி இல்லை, மாமியார் வீட்டு வேலைகளையும் பார்க்கிறார். ஸ்கேனிலும் கருப்பை வெறுமையாகவே இருக்கிறது. ஆனால் மூன்று வார இடைவெளியில் நான்கு அளவுகள் பத்து சதவீத ஏற்ற இறக்கத்துக்குள் தேங்கி நிற்பது, நோய் தங்கிவிட்டது என்பதற்கான சர்வதேச அளவுகோல். இரண்டு வாரத்தில் மூன்று அளவுகள் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் அதே முடிவுதான். நெஞ்சு எக்ஸ்ரே சரியாக இருந்து, இடர் மதிப்பெண்ணும் ஆறுக்குள் இருந்தால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி ஒன்றே போதும். 1956இல் அமெரிக்காவில் மின் சியு லி இதே மருந்தைப் பரவிய நஞ்சுக்கொடிப் புற்றுநோய்க்குக் கொடுத்துக் குணம் கண்டார். இன்று இந்தக் குறைந்த இடர் நிலையில் ஏறக்குறைய எல்லோரும் குணமாகிறார்கள், கருப்பையும் தப்புகிறது.

‘அப்படியானால் எல்லோருக்கும் முதலிலேயே ஊசியைப் போட்டுவிட்டால் என்ன?’ என்று கேட்கலாம். போட்டால், முழுமையான வகையிலேயே ஐவரில் நால்வர் தேவையில்லாத நச்சு மருந்தைத் தாங்க வேண்டிவரும், பரிசோதனையும் நிற்காது. தொடர்ந்து வர வழியே இல்லாத, இடர் மிகுந்த சிலருக்கு மட்டும் அதை யோசிக்கலாம். குழந்தைகள் போதும் என்றவர்கள் கருப்பையையே எடுத்துவிடலாமே என்பது அடுத்த கேள்வி. எடுத்தால் இடர் குறையும். ஆனால் அதற்குமுன் நுரையீரலுக்குப் போன உயிரணு எங்கே போகும்? ரத்தப் பரிசோதனை அவர்களுக்கும் உண்டு.

இவற்றைவிட நியாயமான முறையீடு ஒன்று இருக்கிறது: வாராவாரம் பேருந்துச் செலவு, கூலி இழப்பு, அதோடு ‘அடுத்த குழந்தை எப்போது?’ என்ற வீட்டாரின் நெருக்கல். பிரிட்டனில் இதற்காக 1973 முதலே தேசியப் பதிவேடு இருக்கிறது. பெண் தன் மாதிரியைத் தபாலில் அனுப்பினால் போதும், சிறப்பு மையம் அளந்து சொல்லிவிடும். இங்கே அலைச்சல் முழுதும் பெண்ணின் தலையில். ஆனால் பலர் பயப்படுவதுபோல் இது வருடக்கணக்கில் நீள்வதில்லை. அளவு இயல்புக்கு வந்தபின், பகுதி வகைக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு பரிசோதனை போதும். முழுமையான வகைக்கு மாதம் ஒன்றாக மூன்று மாதம் என்று இன்றைய வழிகாட்டுதல் சொல்கிறது. முன்பு இதைவிட நெடுங்காலம் காத்திருக்கச் சொன்னார்கள். இயல்புக்கு வந்தபின் நோய் திரும்புவது முழுமையான வகையில் ஏறக்குறைய நானூறில் ஒருவருக்குத்தான்.

அதுவரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வது குழந்தைக்கு ஆகாது என்பதற்காக அல்ல. புதுக் கர்ப்பமும் அதே எச்.சி.ஜி.யைச் சுரக்கும், ஏறுவது குழந்தையா நோயா என்று பிரித்தறிய முடியாமல் போகும். கருத்தடை மாத்திரை தாராளமாகச் சாப்பிடலாம்; காப்பர் டி மட்டும் அளவு இயல்பாகும்வரை வேண்டாம். ஒரே ஆய்வகத்தில் அளப்பதும் நல்லது, கருவிக்குக் கருவி எண் மாறும். சிறிய அளவு ஒன்று மாதக்கணக்கில் அசையாமல் நின்றால், ஊசியை எடுக்குமுன் சிறுநீரிலும் பார்க்க வேண்டும். ரத்தத்தில் உள்ள சில எதிர்பொருள்கள் கருவியை ஏமாற்றிப் பொய் எண் காட்டுவதுண்டு. அவை சிறுநீருக்குள் இறங்குவதில்லை. அடுத்த கர்ப்பமும் முத்துப்பிள்ளையாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இருக்கிறது. அடுத்த முறை முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும்.