தூங்கும் பூனையின் மூச்சை எண்ணுங்கள்

நாய்க்கு இதயம் பலவீனமானால் வீட்டில் இருப்பவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். ராத்திரியில் இருமும். நடைக்குக் கூட்டிப்போனால் பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும். பூனை அப்படியில்லை. இதயக் கோளாறால் பூனை இருமுவது அபூர்வம். அதை யாரும் நடைக்குக் கூட்டிப்போவதும் இல்லை. ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கியே கழிக்கும் பிராணி, இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் யார் கண்ணில் படும்? அதனால்தான் பல பூனைகள் நுரையீரலில் நீர் கோத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் நிலையில்தான் முதல் தடவையாக மருத்துவமனைக்கு வருகின்றன. "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்று வீட்டார் சொல்வது பொய்யில்லை. கண்ணில் படும்படி எதுவும் மாறியிருக்காது.

ஆனால் பெரும்பாலும் ஒன்று மட்டும் முன்பே மாறத் தொடங்கியிருக்கும். தூக்கத்தில் அந்தப் பூனை நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்கிற எண்ணிக்கை. இதை எண்ணக் கருவி எதுவும் வேண்டாம், பூனையைத் தொடக்கூட வேண்டாம். கடிகாரமும் அரை நிமிடப் பொறுமையும் இருந்தால் போதும்.

மூச்சு ஏன் கூடுகிறது என்று புரிந்துகொண்டால் இந்த எண்ணிக்கையின் அருமை தெரியும். பூனைகளுக்கு அதிகம் வரும் இதய நோய், இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போவது. ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று பெயர்; மருத்துவர்கள் எச்.சி.எம். என்று சுருக்கிச் சொல்வார்கள். தடித்த சுவர் பலமாகச் சுருங்கும், ஆனால் சரியாகத் தளராது. தளராத அறைக்குள் ரத்தம் முழுதாக இறங்க முடியாமல் மேலறையில் தேங்குகிறது. மேலறை வீங்குகிறது. அதற்குப் பின்னால் நுரையீரலிலிருந்து வரும் ரத்தக் குழாய்களிலும் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து நுரையீரலுக்குள்ளோ அதைச் சுற்றியோ சேர்கிறது. ஈரம் ஊறிய பஞ்சு மெத்தையைப் போல நுரையீரல் கனத்து விறைத்துவிடும். அதை ஆழமாக விரிக்க அதிக உழைப்பு தேவை. எனவே உடல் வேறு வழி பிடிக்கிறது. ஆழம் குறைந்த மூச்சாக, ஆனால் அடிக்கடி மூச்சாக விடுகிறது. நீர் கொஞ்சமாகக் கசியும்போதே இந்த மாற்றம் தொடங்கிவிடும். பூனை சாப்பிடும், ஜன்னல் மேல் ஏறும், காலைச் சுற்றி உரசும். மூச்சு மட்டும் நிமிடத்துக்கு ஐந்தாறு கூடியிருக்கும்.

இந்த நோய் அரிதானதும் இல்லை. பிரிட்டனில், தத்துக்காகக் காப்பகங்களில் இருந்த, பார்வைக்கு ஆரோக்கியமான 780 பூனைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. சுமார் ஏழில் ஒரு பூனைக்கு இந்தத் தடிப்பு இருந்தது. அவற்றில் பெரும்பாலானவைக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகாமல் போகலாம். எதற்கு ஆகும் என்பதை ஸ்டெதஸ்கோப் மட்டும் வைத்துச் சொல்லவும் முடியாது. நோய் உள்ள பல பூனைகளின் இதயத்தில் மாறான சத்தம் எதுவும் கேட்பதில்லை. சத்தம் கேட்கும் பூனைகள் சிலவற்றுக்கு நோயே இருப்பதில்லை.

இனி, எண்ணும் முறை. பூனை நன்றாகத் தூங்க வேண்டும். விளையாடி முடித்தோ சாப்பிட்டோ கொஞ்ச நேரம் ஆகியிருக்க வேண்டும். நெஞ்சுக்கூடு முடிந்து வயிறு தொடங்கும் பக்கவாட்டைப் பாருங்கள். அது ஒரு முறை எழுந்து ஒரு முறை தாழ்ந்தால் ஒரு மூச்சு. எழுவதை ஒன்று, தாழ்வதை ஒன்று என்று எண்ணி, இருப்பதைப்போல் இரண்டு மடங்கு கணக்கோடு பதறி ஓடுபவர்கள் உண்டு. 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சைத் தவறவிட்டாலும் கணக்கில் நான்கு குறைந்துவிடும்.

நம் வீடுகளில் இதற்கு இடைஞ்சல் மின்விசிறி. பெர்சியன் போன்ற நீள முடிப் பூனையின் ரோமம் காற்றில் அலைந்துகொண்டே இருக்கும். எது மூச்சு, எது காற்று என்று தெரியாது. விசிறியை நிறுத்தினால் பூனை விழித்துக்கொள்ளலாம், அறையும் சூடாகிவிடும். வேகத்தைக் குறைத்துவிட்டு, ரோமத்தைப் பார்க்காமல், பூனையின் முதுகு விளிம்பை அதற்குப் பின்னால் இருக்கும் தலையணையின் கோட்டோடு ஒட்டிப் பாருங்கள். அந்த விளிம்பு கோட்டைத் தாண்டி எழுந்து இறங்குவது தெளிவாகத் தெரியும். அதுவும் சிரமமானால் கைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்து, பிறகு நிதானமாக எண்ணலாம். அந்த வீடியோ மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

சில நேரங்களில் எண்ணவே கூடாது. புர்ர் என்று பூனை உறுமிக்கொண்டிருந்தால் கணக்கு ஒத்துவராது. தூக்கத்திலேயே மீசையும் பாதமும் துடித்தால் கனவு காண்கிறது. அப்போது மூச்சு ஒழுங்கற்றுத் தாவும். ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு பாருங்கள். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு எண்ணுவதும் வேண்டாம். வெப்பத்தில் ஆரோக்கியமான பூனைக்கும் மூச்சு கூடும். இரவோ விடியற்காலையோ நல்ல நேரம். கண் திறந்து படுத்திருக்கும்போதுதான் எண்ண முடிந்தது என்றால் எண்ணலாம், ஆனால் பக்கத்தில் 'விழிப்பு' என்று குறித்துவையுங்கள். வீடுகளில் உரிமையாளர்களே எண்ணிப் பார்த்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான பூனைகளின் நடு அளவு தூக்கத்தில் 21, விழித்து ஓய்வாக இருக்கும்போது 27. இரண்டையும் கலந்துவிட்டால் இல்லாத ஏற்றம் இருப்பதாகத் தெரியும்.

மருத்துவமனையில் எண்ணிக்கொள்ளலாமே என்றால், அங்கே பயத்திலேயே பூனைக்கு மூச்சு கூடிவிடும். மேசை மேல் பூனை விடும் மூச்சு பயத்தையும் நோயையும் சேர்த்துக் காட்டுவது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் எடுத்த எண்தான் மேலானது; மருத்துவருக்கும் அதுதான் தேவை.

தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் இயல்பு என்பது பொது வழக்கு. ஆனால் அந்தக் கோட்டைவிட உங்கள் பூனையின் சொந்தக் கணக்கு முக்கியம். ஒரு மாதிரிக் குறிப்பேட்டை எடுத்துக்கொள்வோம். ஆறு வயது ஆண் பெர்சியன். முதல் வாரம் நாளுக்கு ஒன்றாக எழுதியது: 20, 22, 18, 22, 20, 24, 20. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பதால் எல்லாமே இரட்டை எண்கள். 20-க்கும் 22-க்கும் ஒரே ஒரு மூச்சுதான் வித்தியாசம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பூனையின் வழக்கம் 18 முதல் 24 வரை. அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை எண்ணுகிறார்கள், ஆறு மாதம் அப்படியே போகிறது.

பிறகு ஒரு வாரம் 28. கோட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் இந்தப் பூனைக்கு இது புதிது. அதனால் தினமும் எண்ணத் தொடங்குகிறார்கள். மறுநாள் 26, அதற்கடுத்த நாள் 30. நான்காம் நாள் இரவு 34. ஒரு மணி நேரம் கழித்து, ஆழ்ந்து தூங்கும்போது மறுபடி 34. சாப்பாடு குறையவில்லை, வழக்கமான சோபாவை விட்டுக் கட்டிலுக்கடியில் படுப்பது மட்டும்தான் வேறுபாடு. விடிந்ததும் மருத்துவரை அழைத்து இந்த எண்களைப் படிக்கிறார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரலில் நீர் தெரிகிறது, எக்கோவில் மேலறை வீங்கியிருக்கிறது. நீரை வெளியேற்ற ஃபுரோசமைடு ஊசி, கொஞ்ச நேரம் ஆக்சிஜன், பிறகு மாத்திரையோடு வீடு. நான்கு நாளில் எண் 24-க்கு இறங்குகிறது.

அங்கேயும் குறிப்பேட்டின் வேலை முடிவதில்லை. இப்போது தினமும் எண்ண வேண்டும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் தீர்மானிக்க இந்த எண் பெரிதும் கைகொடுக்கும். மூன்று வாரம் கழித்து அளவைக் குறைத்ததும் 32, 36 என்று ஏறினால், அந்தக் குறைப்பு இந்தப் பூனைக்கு ஒத்துவரவில்லை என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் மருந்தை நீங்களாகக் கூட்டக் கூடாது. ஃபுரோசமைடு அதிகமானால் உடல் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கும்.

எப்போதோ ஒரு தடவை 32 வந்ததற்காக ராத்திரியில் ஓட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். திரும்பத் திரும்ப 30-க்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும். 40-ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. எண் எதுவாக இருந்தாலும், மூச்சுக்கு மூச்சு வயிறு அழுந்தி ஏறி இறங்கினாலோ, முழங்கைகளை விரித்துக் கழுத்தை நீட்டிக் குந்தியிருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, ஈறு நீலம் பாய்ந்திருந்தாலோ அவசரம். அந்த நிலையில் தண்ணீர் புகட்டாதீர்கள், துரத்திப் பிடிக்காதீர்கள். மூச்சுத் திணறும் பூனைக்குப் போராட்டமே ஆபத்து. கூடையில் மெதுவாக வைத்து, ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

எண் கூடினாலே இதயம்தான் என்றும் முடிவுகட்டிவிட முடியாது. ஆஸ்துமா, நிமோனியா, நெஞ்சுக்கூட்டில் சீழ், ரத்தசோகை, காய்ச்சல், வலி எல்லாமே மூச்சைக் கூட்டும். ஆஸ்துமாவில் பூனை தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி இருமுவதைப் பலரும் முடியுருண்டை கக்கப் பார்க்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். எது என்று பிரித்துச் சொல்வது சோதனைகளின் வேலை. உள்ளே பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதுதான் எண் தரும் செய்தி.

இதன் எல்லை இன்னொரு பக்கத்திலும் இருக்கிறது. நீர் கசியத் தொடங்காதவரை, சுவர் தடித்த பூனையும் பெரும்பாலும் 20, 22 என்றே மூச்சு விடும். ஆகவே எண் நன்றாக இருப்பது இதயம் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. மேய்ன் கூன், ராக்டால் போன்ற, இந்த நோய் பரம்பரையாக வரும் இனங்களுக்கும், இதயச் சத்தம் கேட்ட பூனைக்கும் எக்கோதான் தெளிவு தரும். வீங்கிய மேலறையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பின்னங்காலுக்குப் போகும் குழாயை அடைத்துக்கொள்வதும் உண்டு. அது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரலாம். அதுவரை நன்றாக இருந்த பூனை திடீரென்று அலறிப் பின்னங்காலை இழுத்தால், அந்தக் கால் சில்லிட்டிருந்தால், மூச்சை எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும்.