ஸ்கூட்டரா, பைக்கா? கிலோமீட்டரைக் கேளுங்கள்

தாம்பரத்திலிருந்து கிண்டிக்குக் கல்லூரி போகும் மாணவர், போக வர தினமும் சுமார் 35 கிலோமீட்டர் ஓட்டுவார். மாதம் 22 நாள் என்றால் 770 கிலோமீட்டர். நெரிசலில் 110 சிசி ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் 17 லிட்டர் ஆகும். 100 சிசி பைக் 60 கொடுத்தால் 13 லிட்டர் போதும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மிச்சம் மாதம் 400 ரூபாய். அதே மாணவர் வீட்டிலிருந்து கல்லூரி ஐந்தாறு கிலோமீட்டர்தான் என்றால், மிச்சம் 150 ரூபாயைக்கூடத் தொடாது. அதற்காக ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச் பிடித்து இடது கை வலிக்க வேண்டுமா? நான் ஸ்கூட்டர் பக்கம்தான்.

ஆனால் ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. பைக் உருண்டு கடக்கும் பள்ளத்தில் அது இறங்கிவிடும். மழைக்காலத்தில் தண்ணீருக்கடியில் பள்ளம் தெரியாதபோது இது சின்ன விஷயமில்லை.

பழைய ஸ்கூட்டர் வாங்கினால் பெல்ட்டை மறக்காதீர்கள். பைக் செயின் தேய்ந்தால் தொங்கிச் சத்தம் போடும், கண்ணுக்கே தெரியும். பெல்ட்டோ மூடிக்குள் ஒளிந்திருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் எஞ்சின் இரைந்து, வண்டி மட்டும் தயங்கினால் பெல்ட்டோ கிளட்சோ தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி, பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.