பாதி எடை நடுக்காலில்

ஆறு கால் ரோபோ செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எழுந்து நில் என்றால் நிற்கிறது. கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டு என்றால் காட்டுகிறது. நட என்றதும் முதல் எட்டு வைப்பதற்குள் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு விநாடி கழித்து யாரும் சொல்லாமலே எழுந்து நிற்கப் பார்க்கிறது, மறுபடி உட்காருகிறது. புரோகிராமில் தப்பு என்று நினைத்து ராத்திரி முழுக்க அதையே புரட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. தப்பு பெரும்பாலும் அங்கே இருக்காது. கரண்டில் இருக்கும்.

ரோபோவின் உடம்பை முதலில் பார்த்துவிடலாம். ஒரு காலுக்கு மூன்று சர்வோ. சர்வோ என்பது சிறிய மோட்டார், பற்சக்கரங்கள், கோணத்தை அளக்கும் ஒரு பாகம், இவற்றை இயக்கும் சிறு சர்க்கியூட் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கியது. ‘இந்தக் கோணத்துக்குப் போ’ என்றால் போய் அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்கும். உடம்போடு ஒட்டியிருக்கும் முதல் சர்வோ காலை முன்னும் பின்னும் வீசுகிறது. அதை இடுப்பு என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது தொடை, காலைத் தூக்கி இறக்குவது அதன் வேலை. மூன்றாவது முழங்கால். ஆறு காலுக்கும் சேர்த்துப் பதினெட்டு.

கைக்கு எட்டும் விலையில் செய்பவர்கள் அதிகம் வாங்குவது எம்ஜி996ஆர் என்ற உலோகப் பல் சர்வோ. ஒன்று 55 கிராம். பதினெட்டும் சேர்ந்தால் சர்வோக்கள் மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோ. சட்டம், பேட்டரி, சர்க்கியூட் பலகைகள் எல்லாம் சேர்த்து 2.4 கிலோ என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 6 வோல்ட்டில் இந்த சர்வோவின் உச்ச முறுக்குவிசை 11 கிலோ சென்டிமீட்டர் என்கிறது அதன் விவரத்தாள். அதாவது, அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 11 கிலோவைத் தொங்கவிட்டால் அதோடு அசையாமல் நின்றுவிடும். அப்படி நின்றுபோகும்போது அது இழுக்கும் கரண்ட் 2.5 ஆம்பியர். போலிச் சரக்கு நிறையப் புழங்குவதால் கையில் கிடைப்பது இந்த அளவைத் தொடும் என்று நம்பி இறங்காமல் இருப்பது நல்லது.

நடையைப் பற்றி இனிப் பேசலாம். கரப்பான்பூச்சி வேகமாக ஓடும்போது இடப்பக்கத்து முன்காலும் பின்காலும் வலப்பக்கத்து நடுக்காலும் தரையில் இருக்க, மற்ற மூன்றும் காற்றில் முன்னே வீசப்படும். பிறகு இவை இறங்கும், அவை எழும்பும். ரோபோக்காரர்கள் இதையே எடுத்துக்கொண்டார்கள். முக்காலி நடை என்று சொல்லலாம். எந்த நேரமும் மூன்று புள்ளிகள் தரையைத் தொட்டிருக்கும். உடம்பின் எடைமையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை கவிழாது. கீழே விழாமல் நடக்கக்கூடிய நடைகளில் இதைவிட வேகமானது ஆறு காலுக்கு இல்லை.

மூன்று கால் 2.4 கிலோவைத் தாங்கினால் ஒரு காலுக்கு 800 கிராம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. இடப்பக்கம் இரண்டு கால், வலப்பக்கம் ஒன்று. உடம்பு ஒருபுறம் சாயாமல் இருக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி எடையைத் தாங்கியாக வேண்டும். இடப்பக்கத்துப் பாதியை முன்காலும் பின்காலும் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஆளுக்கு 600 கிராம். வலப்பக்கத்துப் பாதி, 1.2 கிலோ, முழுசாக அந்த ஒற்றை நடுக்காலின் தலையில் விழுகிறது. அடுத்த எட்டில் மற்ற நடுக்காலுக்கு அதே கதி.

பாதம் தொடை மூட்டிலிருந்து 8 சென்டிமீட்டர் வெளியே ஊன்றியிருந்தால், நடுக்காலின் தொடை சர்வோ தாங்க வேண்டியது 9.6 கிலோ சென்டிமீட்டர். உச்சமே 11தான். கிட்டத்தட்ட மூச்சு முட்டும் நிலை. முன்காலும் பின்காலும் இதில் பாதியோடு தப்பிக்கின்றன. இடுப்பு சர்வோவின் அச்சு செங்குத்தாக இருப்பதால் எடை அதன்மேல் முறுக்காக வருவதே இல்லை. முழங்காலும், பாதத்துக்கு நேர் மேலே இருக்கும்படி நிறுத்தினால், சும்மா இருக்கும். ஆகப் பதினெட்டு சர்வோக்களில் உண்மையான பாரம் சுமப்பவை எந்த நேரத்திலும் மூன்றே மூன்று தொடைகள்தான். அதிலும் ஒன்று இரண்டு மடங்கு சுமக்கிறது.

ஐந்து நிமிடம் நடக்கவிட்டு, அணைத்துவிட்டுத் தொடை சர்வோக்களை விரலால் தொட்டுப் பாருங்கள். நான்கு வெதுவெதுப்பாக இருக்கும், நடு இரண்டும் சுடும். காரணம், மோட்டாரில் முறுக்கு இரண்டு மடங்கானால் கரண்டும் இரண்டு மடங்காகிறது, சூடு நான்கு மடங்காகிறது. மேலே சொன்ன பாரத்தில் அசையாமல் பிடித்து நிற்க நடுத்தொடைக்குக் கணக்குப்படி 11 வாட் வேண்டும், முன்தொடைக்கும் பின்தொடைக்கும் மூன்று வாட்டுக்குச் சற்றுக் குறைவு. பற்சக்கர உராய்வும் கொஞ்சம் பிடித்துக்கொடுப்பதால் நிஜத்தில் இது குறையும். என்றாலும் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு இது அதிகம்.

மருந்து இரண்டு. பாதங்களை உள்ளே இழுத்து 5 சென்டிமீட்டரில் ஊன்றினால் 9.6 என்பது 6 ஆகிவிடும். ஆனால் நிற்கும் முக்கோணம் குறுகும், சரிவில் கவிழும் பயம் வரும். இன்னொன்று, நடுக்காலின் மூட்டையே உடம்பிலிருந்து வெளியே தள்ளிப் பொருத்துவது. பாதங்கள் நடுக்கோட்டிலிருந்து 12 சென்டிமீட்டரில் இருக்க, நடு மூட்டை மட்டும் 3 சென்டிமீட்டர் வெளியே கொண்டுபோனால், அந்தக் கால் தாங்கும் எடை 1.2 கிலோவிலிருந்து 1.07க்கு இறங்கும், முறுக்கு சுமார் எட்டரை. லின்க்ஸ்மோஷன் ஃபீனிக்ஸ் போன்ற பெயர்பெற்ற ரோபோக்களின் உடம்பு நடுவில் அகன்றிருப்பதால் கிடைக்கும் லாபங்களில் இதுவும் ஒன்று. மூட்டை அப்படியே விட்டுப் பாதத்தை மட்டும் வெளியே நீட்டினால் காரியம் கெட்டுப்போகும்: எடை குறையும், ஆனால் நெம்பும் தூரம் 11 சென்டிமீட்டராகி, முறுக்கு சர்வோவின் உச்சத்தையே தாண்டிவிடும்.

இதெல்லாம் சூட்டின் கதை. முதல் எட்டில் விழுவதற்குக் காரணம் வேறு.

வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும்போது விளக்கு ஒரு கணம் மங்கித் திரும்புவதைப் பார்த்திருப்போம். நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சர்வோவும் அப்படியே: கிளம்பும் முதல் சில பத்து மில்லி விநாடிகளுக்கு, பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த 2.5 ஆம்பியரை நெருங்கும். முக்காலி நடையில் ஒரு எட்டு தொடங்கும்போது யார் யார் கிளம்புகிறார்கள்? காற்றில் எழும் மூன்று கால்களின் தொடை, முழங்கால், இடுப்பு. தரையில் ஊன்றி உடம்பை முன்னே தள்ளும் மூன்று இடுப்பு. மொத்தம் பன்னிரண்டு. அத்தனைக்கும் ஒரே கட்டளையில் ‘அங்கே போ’ என்றால் 30 ஆம்பியர். ஊன்றிய தொடைகள் பிடித்துக்கொண்டிருக்க இழுக்கும் சுமார் 3 ஆம்பியர் தனி. கண் மூடித் திறப்பதற்குள் இது முடிந்து, அதன்பின் நடை ஏழெட்டு ஆம்பியரில் ஓடும். பதினெட்டும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டால் வரும் 45 ஆம்பியர், மேல் எல்லை மட்டுமே.

பேட்டரி இதைக் கொடுத்துவிடும். ரேடியோ கார் ஓட்டும் லித்தியம் பாலிமர் பேட்டரிகளுக்கு 30 ஆம்பியர் பெரிதல்ல. வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டரும் ஒயரும்தான் காலை வாருகின்றன. 22 கேஜ் ஒயரில் போக 30 சென்டிமீட்டர், வர 30 சென்டிமீட்டர் என்று வைத்தால், 30 ஆம்பியர் பாயும்போது ஒயரிலேயே ஏறக்குறைய ஒரு வோல்ட் போய்விடும். 10 ஆம்பியர் ரெகுலேட்டரோ இந்த இழுப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் தலையைத் தொங்கவிடும். கட்டுப்பாட்டுப் பலகையும் அதே ரெகுலேட்டரிலிருந்து குடிக்கிறதென்றால் அதற்கும் வோல்டேஜ் பற்றாமல் போய் ரீசெட் ஆகும். கட்டளை நின்றதும் சர்வோக்கள் துவண்டு, ரோபோ உட்காருகிறது. இழுப்பு நின்றதால் வோல்டேஜ் திரும்புகிறது, பலகை உயிர்பெற்று முதலிலிருந்து புரோகிராமைத் தொடங்கி எழுந்து நிற்கப் பார்க்கிறது. ஈஎஸ்பி32 பலகை என்றால் கணினித் திரையில் `Brownout detector was triggered` என்ற வரி வரும். அதைப் பார்த்துவிட்டால் புரோகிராமைத் தொட வேண்டியதில்லை.

மல்டிமீட்டரை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. சாதாரண மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் காட்டும். 30 மில்லி விநாடிச் சரிவு அதன் கண்ணில் படாது, 5.8 என்று அமைதியாக நிற்கும். ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு பள்ளம் தெரியும். இன்னொரு வழக்கமான வைத்தியம், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சொருகுவது. 20 ஆம்பியர் இழுப்பில் அது ஒரு வோல்ட் சரிவதற்கு ஆகும் நேரம் ஒரு மில்லி விநாடியில் இருபதில் ஒரு பங்கு. சின்னக் குத்தல்களுக்குச் சரி, இந்தப் பள்ளத்தை அது நிரப்பாது.

முதல் வேலை, பலகைக்குத் தனி ரெகுலேட்டர் கொடுப்பது. மைனஸ் ஒயரை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கட்டளை சர்வோவுக்குப் புரியாது. அடுத்தது, சர்வோக்களுக்கு இரண்டு ரெகுலேட்டர் போட்டால் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று பிரிப்பது. முக்காலிக்கு ஒன்றாகப் பிரித்தால் ஊன்றி நிற்கும் பாரமெல்லாம் ஒரே ரெகுலேட்டரில் விழும், மற்றது அந்த நேரம் இளைப்பாறும். பக்கவாட்டில் பிரித்தால் எந்த எட்டிலும் இரண்டும் பாதிப் பாதி எடைக்குப் பொறுப்பு.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, செலவே இல்லாத ஒன்று. 0.4 விநாடியில் 30 டிகிரி போ என்று ஒரேயடியாகச் சொல்லாமல், 20 மில்லி விநாடிக்கு ஒன்றரை டிகிரி என்று இருபது துண்டாகச் சொல்வது. சர்வோ தான் நிற்கும் கோணத்துக்கும் கேட்கப்பட்ட கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் மோட்டாரை முடுக்குகிறது. வித்தியாசம் சிறிதென்றால் முழு வேகத்தில் பாயாது. உச்ச கரண்ட் வெகுவாக இறங்கும், நடையும் வெட்டி வெட்டி இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். சுவிட்ச் போட்டதும் பதினெட்டும் எங்கிருந்தோ ஒரே இடத்துக்குத் துள்ளுவதையும் இதேபோல் ஒவ்வொரு காலாக எழுப்பித் தவிர்க்கலாம்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? 7.4 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 37 வாட் மணி. அடியில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுவைத்து, ரெகுலேட்டரின் இழப்பையும் கழித்தால் 26 தேறும். 6 வோல்ட்டில் 8 ஆம்பியர், அதாவது 48 வாட்டில் நடந்தால் அரை மணிக்கூறுக்குச் சற்று மேல்.

மிச்சம் பிடிக்கலாமே என்று ஒரு நேரத்தில் ஒரே காலைத் தூக்கும் அலை நடைக்கு மாறுகிறவர்கள் உண்டு. ஐந்து கால் தரையில் இருப்பதால் உச்சமும் சூடும் குறைகின்றன. ரெகுலேட்டர் சிறியதாக இருந்தால் இது நல்ல வழிதான். ஆனால் வேகம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும், சர்வோவோ நின்ற இடத்தில் நின்றாலும் எடையைப் பிடித்துக்கொள்ள கரண்ட் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மீட்டரைக் கடக்க ஐந்து மடங்கு நேரம் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால், ஒரு நிமிடத்துக்கு மிச்சம் பிடித்த நடை ஒரு மீட்டருக்குப் பெரும்பாலும் அதிகமாகவே செலவழிக்கிறது.